கனவில் விட்ட குத்து

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 67 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். மளிகைக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். ஓர் இரவு கனவில் அவர் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரே வருபவர்களை மோதித் தள்ளி ஓடும் முரட்டு ஆட்டம். பந்து அவர் கைக்கு வருகிறது. வளைந்து ஓடுகிறார். குறுக்கே 127 கிலோ எடையுள்ள ஒரு தடுப்பாட்டக்காரர் நிற்கிறார். ஆட்ட முறைப்படி தோளால் இடித்து அவரை ஒதுக்க வேண்டும். இடித்தார். விழிப்பு வந்தபோது படுக்கையறை இழுப்பறை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் இருந்த விளக்குகளும் கண்ணாடியும் கீழே கிடந்தன. தலை சுவரில் மோதியிருந்தது. முழங்காலில் அடி.

1982-இல் அவர் மின்னியாபொலிஸ் நகரத்துத் தூக்கக் கோளாறு மையத்துக்கு வந்தார். மனநல மருத்துவர் கார்லோஸ் ஷெங்க் அவர் சொன்னதைக் கேட்டார். பிறகு ஆய்வகத்தில் ஓர் இரவு தூங்கவைத்தார்கள். தலை, கண்ணோரம், முகவாய், கை, கால் என்று பல இடங்களில் மின்முனைகளை ஒட்டினார்கள்; கேமராவும் ஓடியது. கனவுத் தூக்கத்தில் மனிதனின் முகவாய்த் தசை முழுக்கத் தளர்ந்துபோகும், அந்தத் தசையின் மின்வரைவு தட்டையான கோடாக இருக்கும். இவருக்கோ அந்தக் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது. கனவு நடக்கும் நேரத்தில் உடம்பு அடங்கவில்லை. இப்படிப்பட்ட மேலும் சிலரைப் பார்த்தபின், ஷெங்கும் நரம்பியல் மருத்துவர் மார்க் மஹோவால்டும் 1986-இல் இது தனியொரு நோய் என்று அறிவித்தார்கள். ‘ரெம் தூக்க நடத்தைக் கோளாறு’ என்பது இன்று அதன் பெயர்.

ரெம் என்பது தூக்கத்தின் ஒரு கட்டம். மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் இந்தக் கட்டத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வந்துபோகும். விடியல் நெருங்க நெருங்க நீளும். கதைபோல விரியும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. மூளை அந்த நேரத்தில் விழித்திருப்பவரின் மூளையைப் போலவே மும்முரமாக வேலை செய்கிறது. ஓடு, அடி, கத்து என்ற கட்டளைகளும் பிறக்கின்றன. ஆனால் அவை தசைகளைச் சேர்வதில்லை. மூளையின் அடித்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம், தண்டுவடத்தின் இயக்க நரம்புகளை அந்த நேரம் மட்டும் முடக்கிவைக்கிறது. வாசலுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதுபோல. மூச்சுவிட உதவும் உதரவிதானமும் கண்ணசைக்கும் தசைகளும் மட்டும் இதற்கு விலக்கு.

அந்தத் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவை பூனைகள். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜுவே என்ற ஆய்வாளர் 1960-களில் பூனைகளின் மூளைத்தண்டில் குறிப்பிட்ட ஒரு புள்ளியைச் சேதப்படுத்திப் பார்த்தார். விழித்திருக்கையில் பூனைகளிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ரெம் தூக்கம் வந்ததும் எழுந்தன, இல்லாத இரையைப் பதுங்கித் தொடர்ந்தன, இல்லாத எதிரியின்மேல் பாய்ந்தன. மின்னியாபொலிஸ் பெரியவரிடம் மருத்துவர்கள் கண்டது, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பூனைகளிடம் கண்டதன் மனித வடிவம்.

நம் ஊரில் ‘பேய் அமுக்குது’ என்று சொல்கிறோமே, அது இதற்கு நேர் எதிரான கோளாறு. அங்கே ஆள் விழித்துவிடுகிறார், தசைமுடக்கம் மட்டும் சில நொடிகள் விலகாமல் நிற்கிறது; கை கால் அசைக்க முடியாமல் கிலி பிடிக்கிறது. அது இளைஞர்களுக்கும் வரும், பெரும்பாலும் தீங்கற்றது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தூக்கத்தில் குத்தும் உதையும் விடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்தக் கோளாறு எப்படி இருக்கும் என்பதைப் படுக்கையில் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் சொல்ல முடியும். பெரும்பாலும் பின்னிரவில், விடியலை ஒட்டி நடக்கும். கண்கள் மூடியே இருக்கும். திடீரென்று கூச்சல், வசவு, சில நேரம் சிரிப்பு. கை ஓங்கும், கால் எகிறும், கட்டிலிலிருந்து உருண்டு விழுவதும் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் சட்டென்று தெளிந்துவிடுவார். என்ன கனவு என்று கேட்டால் சொல்வார். அவர் சொல்லும் கதையும் அவர் செய்த அசைவும் அப்படியே பொருந்தும்: கனவில் நாய் பாய்ந்தது, அதை உதைத்தேன் என்பார், உதை வாங்கியது மனைவியின் இடுப்பு.

கனவுகளின் தன்மையும் ஒருமாதிரியானது. யாரோ துரத்துகிறார்கள், விலங்கு தாக்குகிறது, வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். கனவு காண்பவர் பெரும்பாலும் தாக்குபவராக இல்லாமல், தன்னையோ குடும்பத்தையோ காப்பவராக இருக்கிறார். ஷெங்கிடம் வந்த இன்னொரு முதியவர், கனவில் ஒரு மானின் கழுத்தைப் பிடித்து முறிக்கப் போனார். விழித்தபோது கைகள் மனைவியின் தலையையும் முகவாயையும் பற்றியிருந்தன. பகலில் அவர் குரல் உயர்த்தாத மனிதர். இப்படிப்பட்டவர்களுக்கு நடந்ததைவிட, நடந்ததைப் பற்றிய வெட்கம் பெரிதாக இருக்கிறது. மனைவியோ, இத்தனை வருடம் அடக்கிவைத்த கோபம்தான் தூக்கத்தில் வெளிவருகிறது என்று நினைத்து உள்ளுக்குள் உடைந்துபோகிறார். அப்படி இல்லை என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். இது மனத்தின் வஞ்சம் இல்லை. மூளைத்தண்டில் ஒரு பகுதி தன் வேலையைச் செய்யத் தவறுகிறது, அவ்வளவுதான்.

தூக்கத்தில் நடப்பது வேறு. அது பெரும்பாலும் சிறுவயதில் வரும். இரவின் முதல் பகுதியில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும். கண் திறந்திருக்கும், ஆள் வீட்டைச் சுற்றி வருவார், கதவைக்கூடத் திறப்பார். எழுப்பினால் திருதிருவென்று விழிப்பார், பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. ரெம் கோளாறு உள்ளவர் கண் மூடியே கனவுக்குள் இருப்பதால் அறையை விட்டு வெளியே போவது அரிது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கும் அவருக்குமே ஆபத்து.

ஆனால் தூக்கத்தில் கத்தும் எல்லாருக்கும் இந்த நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்கவேண்டியதற்கு முதல் காரணமே இதுதான்: இதேபோலத் தோன்றும் வேறு சில கோளாறுகள் உண்டு, அவற்றில் சிலவற்றை எளிதில் தீர்த்துவிடலாம். ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்து மருத்துவர்கள் 2005-இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். தூக்கத்தில் கடுமையாக மூச்சு அடைபடும் சிலர் திணறி விழிக்கும்போது கையைக் காலை வீசுகிறார்கள், கத்துகிறார்கள், தாக்கப்படுவதாகக் கனவு கண்டேன் என்கிறார்கள். கேட்பவருக்கு ரெம் கோளாறேதான். மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் காற்றழுத்தக் கருவியைப் பொருத்தியதும் எல்லாம் நின்றுவிட்டது. ஆகவே கூச்சலோடு உரத்த குறட்டையும் பகல் நேரத் தூக்கக் கலக்கமும் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகள் ரெம் தூக்கத்தின் தசைமுடக்கத்தைக் குலைக்கக்கூடியவை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கூச்சலும் தொடங்கியிருந்தால் அந்தத் தேதிகளே பெரிய துப்பு. அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் மாற்றவோ குறைக்கவோ வேண்டும். நெடுநாள் குடிப்பழக்கத்தைத் திடீரென்று விட்டவர்களுக்கும் சில நாட்களுக்கு இது வரலாம். தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பும் இப்படித் தோன்றும். ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒரே அசைவு, ஒரே இரவில் பலமுறை.

இவையெல்லாம் இல்லை என்றானபின், ஐம்பதைத் தாண்டியவரிடம் மிஞ்சுவது தனித்து வந்த ரெம் கோளாறு. இரண்டாவது காரணம் இங்கே தொடங்குகிறது.

ஷெங்க் தன் நோயாளிகளை விட்டுவிடவில்லை. தொடக்கத்தில் வேறு எந்த நரம்புக் கோளாறும் இல்லாத, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 29 ஆண்களை ஆண்டுதோறும் கவனித்துவந்தார். 1996-இல் கணக்கெடுத்தபோது அவர்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013-இல், தொடர்ந்து கவனிக்க முடிந்த 26 பேரில் 21 பேர் பார்க்கின்சன் அல்லது அதைச் சார்ந்த மறதிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். இது ஒரு மையத்தின் சிறிய எண்ணிக்கைதானே என்ற கேள்விக்கு 2019-இல் பதில் வந்தது. கனடாவின் ரொனால்டு போஸ்டுமா தலைமையில் பல நாடுகளின் 24 மையங்கள் சேர்ந்து 1,280 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தன. ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேர் வீதம் நோய்க்குள் நகர்ந்தார்கள். 12 ஆண்டுகளில் அது நான்கில் மூன்று பங்கை நெருங்கியது. இந்த எண்கள் தூக்க ஆய்வில் நோய் உறுதியானவர்களைப் பற்றியவை. எப்போதோ ஓர் இரவு கெட்ட கனவு கண்டு அலறியவருக்கு இவை பொருந்தா.

காரணம், ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம். அது தவறாக மடிந்து நரம்பணுக்களுக்குள் திரள்வதுதான் பார்க்கின்சன் நோய், லூயி உருண்டை மறதிநோய் ஆகியவற்றின் அடிப்படை. பலருக்கு இந்தத் திரட்சி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலேறுவதாகக் கருதப்படுகிறது. ரெம் தூக்கத்தில் தசையை முடக்கும் நரம்புக் கூட்டம் அந்த வழியில்தான் இருக்கிறது. கை நடுங்குவதற்குக் காரணமான பகுதி அதற்கு மேலே. எனவே தூக்கம் முதலில் கெடுகிறது, நடுக்கம் சில ஆண்டுகளோ பத்துப் பதினைந்து ஆண்டுகளோ கழித்து வருகிறது. இதே இடைவெளியில் மோப்ப சக்தி மங்குவதும், நாள்பட்ட மலச்சிக்கலும், படுத்து எழும்போது தலைசுற்றுவதும் சேர்ந்துகொள்ளலாம். குழம்பு தாளிக்கும் வாசனையே தெரியவில்லை என்று அப்பா சொன்னால், தூக்கத்தில் அவர் கத்துகிறாரா என்று அம்மாவிடம் கேட்டுவைப்பது நல்லது.

இந்தத் தொடர்பை அறிந்து பயன்பெற்றவர்களில் உலகம் அறிந்த ஒருவர் அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா. ‘மேஷ்’ என்ற தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்றவர். ஒருமுறை, தன்னைத் தாக்கவரும் ஒருவன்மேல் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி எறிவதாகக் கனவு கண்டார். உண்மையில் அவர் எறிந்தது தலையணை, அது போய் விழுந்தது மனைவிமேல். கனவை உடலால் நடிப்பது பார்க்கின்சனின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ஜேன் பிராடி எழுதிய கட்டுரையை அவர் படித்திருந்தார். நரம்பியல் மருத்துவரிடம் போய் மூளை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உங்களுக்கு அறிகுறியே இல்லையே, எதற்கு ஸ்கேன் என்றார் மருத்துவர். ஆல்டா விடவில்லை. ஸ்கேன் எடுத்ததில் பார்க்கின்சன் உறுதியானது. கட்டைவிரல் துடிக்கத் தொடங்கியதே அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். 2018-இல் தொலைக்காட்சியில் இதைச் சொன்னபோது, நோய் தெரிந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர் நடித்துக்கொண்டும் குத்துச்சண்டைப் பயிற்சி செய்துகொண்டும் இருந்தார்.

ஆல்டா கேட்டதுபோல எல்லாரும் நேராக ஸ்கேனுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் வேண்டியது ஒரு கேள்விதான். கனவில் செய்வதைத் தூக்கத்தில் கை கால்களால் செய்கிறீர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா, உங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்ததுண்டா? உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒற்றைக் கேள்விச் சோதனை இது. தனியாகத் திண்ணையிலோ மாடியறையிலோ படுக்கும் பெரியவர்களிடம் இதற்குப் பதில் கிடைக்காமல் போகலாம். கட்டிலிலிருந்து விழுந்த காயம், காலையில் காரணம் தெரியாத கைவலி போன்றவைதான் அங்கே சாட்சி. பக்கத்தில் படுப்பவர் கைப்பேசியில் ஓரிரு முறை படம் எடுத்து வைத்தால் நரம்பியல் மருத்துவருக்கு அது பெரிய உதவி. கூடவே எத்தனை மணிக்கு நடந்தது, விழித்ததும் என்ன கனவு சொன்னார், என்னென்ன மாத்திரைகள், எப்போதிலிருந்து என்ற விவரமும் வேண்டும்.

உறுதி செய்ய வீடியோவுடன் கூடிய முழு இரவுத் தூக்க ஆய்வு தேவை. மூச்சுத் தடையை மட்டும் அளக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிவிடும் சிறு கருவி இதற்குப் போதாது; அதில் முகவாய்த் தசையின் அளவீடு பெரும்பாலும் இருக்காது. ஆய்வு நடந்த இரவில் நோயாளி குத்தவோ கத்தவோ வேண்டும் என்றும் இல்லை. ரெம் தூக்கத்தில் தசை தளராமல் இருப்பது வரைவில் பதிந்து, வீட்டில் நடந்ததற்கான விவரமும் இருந்தால் போதும்.

சிகிச்சை மாத்திரையில் தொடங்குவதில்லை, அறையில் தொடங்குகிறது. கட்டிலைத் தாழ்த்துவது அல்லது மெத்தையைத் தரையிலேயே போடுவது, கூர்முனை மேசையையும் கண்ணாடிப் பொருட்களையும் தள்ளி வைப்பது, சன்னலோரப் படுக்கையை மாற்றுவது. குணமாகும்வரை துணைவர் தனிப் படுக்கையில் படுப்பதுதான் பாதுகாப்பு. நடுவில் தலையணை வைத்தால் போதும் என்று நம்பி அடிபட்டவர்கள் உண்டு. எழுப்பும்போது தொட்டு உலுக்கக் கூடாது. தொடுகிற கை கனவில் எதிரியின் கையாகிவிடும். தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

மருந்துகளில் மெலடோனின் பெரும்பாலும் முதலில் தரப்படுகிறது. படுக்கும் நேரத்தில் 3 மில்லிகிராமில் தொடங்கித் தேவைப்பட்டால் மெல்லக் கூட்டுவார்கள். குளோனாசிபாம் நன்றாகவே அடக்கும், ஆனால் முதியவர்களுக்கு மறுநாள் தள்ளாட்டமும் மறதியும் தரலாம், மூச்சுத் தடை இருந்தால் அதை மோசமாக்கலாம்; மருத்துவர் பார்த்து மிகக் குறைந்த அளவில் தரவேண்டிய மருந்து அது. இரண்டுமே கூச்சலையும் அடியையும் குறைக்கின்றன. உள்ளே திரளும் புரதத்தை இவை தடுப்பதாகச் சான்று இல்லை.

தடுக்க மருந்தில்லை என்றால் முன்கூட்டியே தெரிந்து என்ன பயன் என்று கேட்பது நியாயம். சிலர் தெரியாமலிருப்பதையே விரும்புகிறார்கள். எவ்வளவு சொல்லலாம் என்று நோயாளியிடமே கேட்டுவிட்டுப் பேசுவதுதான் சரியான முறை. ஆனால் தெரிந்துவைத்தால் கிடைக்கும் பயன்கள் வெறும் ஆறுதல் இல்லை. லூயி உருண்டை மறதிநோயில் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் உடலை இறுக்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பின்னாளில் ஒரு முதியவர் மருத்துவமனையில் குழம்பிப் பிதற்றும்போது, இவருக்குப் பத்து ஆண்டுகளாகக் கனவில் அடிக்கும் கோளாறு உண்டு என்று மகளோ மகனோ சொல்லும் ஒரு வாக்கியம் அந்த ஊசியைத் தவிர்க்க உதவும். 2017-இல் வகுத்த மருத்துவ வரையறையில், அந்த மறதிநோயின் முக்கிய அடையாளங்களுள் ஒன்றாகவே ரெம் கோளாறு சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆராய்ச்சியாளர்களுக்கு இவர்கள் வேறொரு வகையில் தேவைப்படுகிறார்கள். கை நடுங்கத் தொடங்கும்போது, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பங்கு ஏற்கெனவே அழிந்திருக்கும்; நோயைத் தடுக்கும் மருந்தை அப்போது சோதிப்பது காலம் கடந்த முயற்சி. அதனால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித்த ரெம் கோளாறு உள்ளவர்களைப் பதிவுசெய்து, இரத்தம், முதுகுத்தண்டு நீர், தோல் மாதிரி எனத் திரட்டி ஆண்டுதோறும் பின்தொடர்கிறார்கள். நாளை ஒரு தடுப்பு மருந்து பரிசோதனைக்கு வந்தால், முதலில் அழைக்கப்படுபவர்களில் தூக்கத்தில் கை ஓங்கியவர்கள் இருப்பார்கள்.